கருமகாரியப் பத்திரிகையை நடுப்படுத்தி அமைக்க எந்த வழி: வாட்ஸ்ஆப் செய்தியா, படமா, பிடிஎஃப்பா, அச்சகமா?

வீட்டில் ஒருவர் இறந்த இரண்டாம், மூன்றாம் நாளிலேயே, காரியத்துக்குப் பத்திரிகை எழுதுவது யார், அதை எப்படி அனுப்புவது என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குடும்பங்களில் உறவினர் ஒரு பகுதியினர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருப்பார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களில் பலர் கைபேசியைப் பேசுவதற்கு மட்டுமே வைத்திருப்பார்கள். ஆகவே ஒரே பத்திரிகை இருவகையினரையும் சென்றடைய வேண்டியிருக்கிறது. "மூத்த மகன் வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பியதை மரியாதையாக, நடுவில் வரும்படி அமைத்துத் தர வேண்டும், எதில் செய்வது?" என்று கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

கையில் வரும் எழுத்து பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

> எங்கள் தாயார் ……… அம்மாள் 24.1.26 சனி காலை காலமானார் அன்னாரின் 16ம் நாள் காரியம் 8.2.26 ஞாயிறு காலை 7 மணிக்கு அனுமன்தீர்த்தம் ஆற்றில் நடக்கும் 11 மணிக்கு வீட்டில் தலைப்பாகை பிறகு சாப்பாடு அனைவரும் வரவும் மகன்கள் மகள்கள் மருமகன்கள் பேரன் பேத்திகள் ……… கிராமம் அரூர் வட்டம் செல் ………

தேவையான எல்லாமே இதில் இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரைக்கு நேராகப் போக வேண்டியவர் யார், வீட்டுக்கு வந்தால் போதும் என்பவர் யார் என்பது படித்த உடனே புரியாது. இரண்டு இடம், இரண்டு நேரம் என்பதை ஒரே பார்வையில் காட்டுவதே வடிவமைப்பின் முதல் வேலை. அழகு அதற்குப் பிறகுதான்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, நடுப்படுத்தல் நிலைத்து நிற்கிறதா என்பது. ஒருவர் கைபேசியில் நடுவில் நின்ற வரி மற்றொருவர் கைபேசியில் உடைந்து தெரிந்தால் அது நடுப்படுத்தல் ஆகாது. இரண்டாவது, தமிழ் எழுத்துகள் முழுமையாக வருகின்றனவா என்பது. மூன்றாவது, தொலைபேசி எண்ணைத் தொட்டவுடன் அழைக்க முடிகிறதா என்பது. பெங்களூரிலிருந்து பேருந்தில் வந்து அரூரில் இறங்குபவருக்கு இது அலங்காரத்தை விடப் பெரிய உதவி. நான்காவது, அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் திருத்துவது எவ்வளவு எளிது என்பது. ஐந்தாவது, காகிதத்தில் வந்தால் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பது.

செலவை ஆறாவதாகக்கூட நான் வைக்கவில்லை. இவற்றில் எதற்குமே பெருந்தொகை ஆகாது. வீணாவது பெரும்பாலும் நேரமும் அலைச்சலும்தான்.

## வடிவம் எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது

எழுத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பொருள் முடியும் இடத்தில் வரியை முறிக்க வேண்டும். மேற்கண்ட குறிப்பு இப்படி மாறும்:

> கரும காரிய அழைப்பு
>
> எங்கள் அன்புத் தாயார்
> திருமதி ……… அம்மாள்
> அவர்கள் 24.01.2026 சனிக்கிழமை காலை
> இறைவனடி சேர்ந்தார்கள்.
>
> அன்னாரின் 16ஆம் நாள் காரியம்
> விசுவாவசு வருடம் தை மாதம் 25ஆம் தேதி
> 08.02.2026 ஞாயிற்றுக்கிழமை
> நடைபெறும்.
>
> காலை 7.00 மணி
> தென்பெண்ணை ஆற்றங்கரை, அனுமன்தீர்த்தம்
>
> காலை 11.00 மணி
> தலைப்பாகை கட்டுதல், தொடர்ந்து உணவு
> எங்கள் இல்லம், ……… கிராமம்
> அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்

நடுப்படுத்திய எழுத்தில் ஒவ்வொரு வரியும் தனித்து நின்று கண்ணில் படும். அதனால் "தை மாதம்" என்று ஒரு வரி முடிந்து, "25ஆம் தேதி" அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால் படிப்பவர் தடுமாறுவார். பெயரையும் முன்னெழுத்தையும், நேரத்தையும் "மணி" என்பதையும், ஊரையும் வட்டத்தையும் பிரிக்கக் கூடாது. ஒரே ஒரு சொல் கடைசி வரியில் தனியாகத் தொங்கினால் முந்தைய வரியிலிருந்து ஒரு சொல்லை இறக்கிக்கொள்ளலாம்.

இந்த நிலையிலேயே நாள் கணக்கைச் சரிபார்த்துவிட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இறந்த நாளான ஜனவரி 24ஐ முதல் நாளாக எண்ணினால் பிப்ரவரி 8 பதினாறாம் நாளாக வருகிறது; மறுநாளிலிருந்து எண்ணினால் பிப்ரவரி 9 ஆகிவிடும். எந்த வழக்கம் என்பதை வீட்டுப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் இறந்திருந்தால் இன்னொரு சிக்கல் வரும். ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது, பஞ்சாங்க நாளோ சூரிய உதயத்தில் மாறுகிறது; ஆகவே இரண்டையும் அச்சிடும்போது ஒரு நாள் வித்தியாசம் தெரிந்தால் அது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பழைய பத்திரிகை ஒன்றை மாதிரியாக எடுத்து எழுதுபவர்கள் முகவரியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய அட்டைகளில் ஊத்தங்கரையும் போச்சம்பள்ளியும் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். அப்படியே நகலெடுத்தால் வெளியூர்க்காரர் குழம்புவார்.

## வாட்ஸ்ஆப் எழுத்துச் செய்தி

வாட்ஸ்ஆப்பில் நடுப்படுத்தும் வசதி கிடையாது. வரியின் முன்னால் இடைவெளிகளைத் தட்டி நடுவுக்குத் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய கைபேசியில் மட்டுமே நிற்கும். தமிழ் எழுத்துகள் ஒன்றுக்கொன்று அகலத்தில் வேறுபடும், கைபேசித் திரையும் எழுத்தளவும் ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே எதிர்முனையில் வரிகள் படிக்கட்டாகச் சரிந்து நிற்கும். பூக்குறி, கைகூப்பிய குறி, நீளக் கோடுகள் போட்டு இதை ஈடுகட்ட முயல்வது பார்வைக்கு இன்னும் மோசம்.

ஆனால் மற்ற அளவுகோல்களில் இதற்கு இணை வேறு எதுவும் இல்லை. எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும். வரைபட இணைப்பைத் தொட்டால் வழி தெரியும். ஒரு வாரம் கழித்து உரையாடலில் "காரியம்" என்று தேடினால் கிடைக்கும். பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தவும் முடியும், ஆனால் அதற்குள் மற்றவர்கள் மேலனுப்பிய நகல்கள் பழைய பிழையோடுதான் சுற்றும்.

எனவே இதை நடுப்படுத்த முயலாமல், இடப்பக்கமாகவே விட்டு, பகுதிகளுக்கு இடையே ஒரு வெற்று வரியும், பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இருபுறமும் `*` குறியிட்டுத் தடித்த எழுத்தும் கொடுத்தால் போதும். இறப்புச் செய்தி உடனே போக வேண்டிய முதல் நாளில், "மாலை 4 மணிக்கு எடுக்கிறோம்" என்று சொல்ல, இதுவே சரியான வழி. அந்த நேரத்தில் வடிவமைத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கோபமே வரும்.

## கைபேசிச் செயலியில் செய்த படம்

படத்தில் வரிகள் உறைந்துவிடுகின்றன; எனவே நடுப்படுத்தல் எல்லாக் கைபேசியிலும் அப்படியே நிற்கும். புகைப்படத்தோடு கூடிய "கண்ணீர் அஞ்சலி" படங்கள் ஊரில் பரவலாகச் சுற்றுவதற்கு இதுதான் காரணம்.

மறைந்திருக்கும் செலவு மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, எல்லாச் செயலிகளும் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோப்பதில்லை. "கொ" என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று தோன்றும். வேலையைத் தொடங்கும் முன் அந்தச் செயலியில் "ஸ்ரீ, கொ, கௌ, ணை, லூ" என்று தட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு, எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. பார்த்து எழுதிக்கொண்டு அழைக்க வேண்டும். மூன்று, பலர் படத்தைச் சேமிக்காமல் திரையைப் படமெடுத்து மேலனுப்புகிறார்கள், அந்தப் படத்தையும் இன்னொருவர் அதேபோல் திரையிலிருந்து படமெடுக்கிறார். நான்காவது கைக்கு வரும்போது 6க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு எழுத்து மங்கிவிடுகிறது.

வார்ப்புருக்களில் வரும் மெழுகுவத்தி, புறா, நீலவானம், தங்க விளிம்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெள்ளைப் பின்புலத்தில் கறுப்பு எழுத்தை வைத்தாலே பாதி வேலை முடிந்தது. குறைந்த சொற்கள் உள்ள முதலாண்டு நினைவஞ்சலிக்கு, அதாவது படம், பெயர், தோற்றம், மறைவு, குடும்பத்தார் என்ற அளவுக்கு, இந்த வழி மிகப் பொருத்தம். இரண்டு இடம், நான்கு நேரம் கொண்ட காரியப் பத்திரிகைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

## வேர்டில் அமைத்துப் பிடிஎஃப் ஆக்குவது

கணினி தட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், காரியப் பத்திரிகைக்கு என் தேர்வு இதுவே. எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, நடுப்படுத்தல் நிலைக்கிறது, அச்சுக்கும் கைபேசிக்கும் ஒரே கோப்பிலிருந்து இரண்டையும் எடுக்கலாம். செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பிழைகளும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

Layout பகுதியில் பக்க அளவை A5 ஆகவும், நான்கு ஓரங்களை 1.5 செ.மீ. ஆகவும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பிலிருந்து எடுத்த எழுத்தை ஒட்டும்போது Keep Text Only என்பதைத் தேர்ந்தெடுத்து, Nirmala UI அல்லது Noto Serif Tamil எழுத்துருவைக் கொடுத்து, அனைத்தையும் தேர்ந்து Ctrl+E அழுத்தினால் நடுப்பட்டுவிடும். ஒரே பகுதிக்குள் வரியை முறிக்க Shift+Enter, அடுத்த பகுதிக்குப் போக Enter. சேர்ந்தே நிற்க வேண்டிய முன்னெழுத்துக்கும் பெயருக்கும் இடையில் Ctrl+Shift+Space கொடுத்தால் அவை பிரியாது.

நடுப்படுத்திய பிறகும் ஒரு வரி மட்டும் வலப்பக்கம் சாய்ந்தாற்போல் தெரிந்தால், காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இரண்டில் ஒன்று. வரியின் தொடக்கத்தில் பழைய இடைவெளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். Ctrl+Shift+8 அழுத்தினால் அவை புள்ளிகளாகத் தெரியும், அழித்துவிடலாம். அல்லது முதல் வரி உள்தள்ளல் நீங்காமல் இருக்கும், 1.27 செ.மீ. உள்தள்ளல் இருந்தால் வரியின் நடு சுமார் 6 மி.மீ. விலகிவிடும். Paragraph பெட்டியில் Indentation அனைத்தையும் சுழியமாக்கினால் சரியாகும். அதே பெட்டியில் வரி இடைவெளி Exactly என்று இருந்தால், எழுத்தைப் பெரிதாக்கும்போது "கீ" போன்றவற்றின் மேல்சுழி வெட்டுப்படும். Single அல்லது Multiple என்று மாற்ற வேண்டும்.

தோற்றம், மறைவு இரண்டையும் அருகருகே வைக்க இடைவெளிகளைத் தட்டாமல், கோடு தெரியாத இரு கட்ட அட்டவணை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நடுப்படுத்துங்கள். பல பெரியவர்களுக்குப் பிறந்த ஆண்டு மட்டுமே தெரியும். ஒருபுறம் "1948" என்றும் மறுபுறம் "24.01.2026" என்றும் இருந்தால் சமமின்றித் தோன்றும். இருபுறமும் ஆண்டை மட்டும் பெரிதாகப் போட்டு, இறந்த தேதியைக் கீழே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். தெரியாத பிறந்த தேதிக்காக அட்டையில் ஏதோ ஒரு நாளை இட்டு நிரப்ப வேண்டிய தேவை இல்லை.

நடுப்படுத்தல் தோற்றுப்போகும் ஒரே இடம் "இப்படிக்கு" பகுதிதான். மகன் – மருமகள், மகள் – மருமகன் என்று எட்டுப் பத்துப் பெயர்கள், ஊர்கள், எண்கள் எல்லாவற்றையும் நடுவில் குவித்தால், எந்த எண் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். இங்கேயும் கோடில்லா அட்டவணை உதவும்: இடக் கட்டத்தில் பெயரை வலப்பக்கமாக ஒதுக்கி, வலக் கட்டத்தில் எண்ணை இடப்பக்கமாக ஒதுக்கினால், இரண்டும் நடுக்கோட்டை ஒட்டி நின்று, பார்வைக்கு நடுப்பட்டதாகவும் படிக்க எளிதாகவும் இருக்கும். எண்கள் இரண்டு போதும்: ஆற்றங்கரையில் இருப்பவர் ஒருவர், வீட்டில் இருப்பவர் ஒருவர். எல்லோருடைய எண்ணையும் போடச் சொல்லி வற்புறுத்தும் பங்காளிகள் உண்டு. இந்தத் தாள் முகம் தெரியாத பல கைகளுக்குப் போகும் என்று எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

எண்ணைத் தேர்ந்து Ctrl+K அழுத்தி, முகவரிக் கட்டத்தில் கீழ்க்கண்டவாறு இட்டால், பிடிஎஃப்பிலும் தொட்டு அழைக்கலாம். பெரும்பாலான கைபேசிகளில் இது வேலை செய்கிறது.

```
tel:+91XXXXXXXXXX
```

முடிந்ததும் வேர்டு கோப்பை அனுப்பாமல் Save As வழியாக PDF ஆக்கி அனுப்ப வேண்டும். எதிர்முனைக் கைபேசியில் அதே எழுத்துரு இல்லையென்றால் வேர்டு கோப்பு வேறு எழுத்துருவில் திறந்து வரிகள் எல்லாம் இடம் மாறிவிடும். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் மாறாது.

இதிலும் மறைந்திருக்கும் குறை ஒன்று உண்டு. A5 தாளின் அகலம் 14.8 செ.மீ.; கைபேசித் திரையின் அகலம் சுமார் 7 செ.மீ. ஆகவே தாளில் 12 புள்ளி அளவில் நன்றாகத் தெரிந்த எழுத்து, திரையில் 6 புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும். அச்சுக்கு ஒன்றும் கைபேசிக்கு ஒன்றுமாக இரண்டு கோப்பு செய்வதே இதற்குத் தீர்வு: அதே கோப்பை வேறு பெயரில் சேமித்து, பக்க அளவை 9 × 16 செ.மீ. என்றும் ஓரத்தை 0.7 செ.மீ. என்றும் மாற்றி, எழுத்தை 11 புள்ளியாக வைத்தால், திரையில் அது எட்டரைப் புள்ளி அளவில் தெரியும். பக்கம் இரண்டானாலும் பரவாயில்லை; முதல் பக்கத்தில் பெயரும் நாளும் நேரமும் இடமும் இருக்க, குடும்பத்தார் பெயர்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம்.

## அச்சகத்து அட்டை

ஊரில் வீடு வீடாகச் சென்று கொடுப்பதற்கு அட்டைதான். வாட்ஸ்ஆப்பில் வந்ததை அழைப்பாகவே எடுத்துக்கொள்ளாத சம்பந்திகளும் மாமன் வீட்டாரும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கையில் கொடுத்தே ஆக வேண்டும். அச்சகத்தாருக்கு முறைகளும் தெரியும்: கல்யாணப் பத்திரிகைக்கு எழுதும் "மங்களகரமான" என்ற சொல்லை இதில் எழுத மாட்டார்கள், ஓரத்தில் மஞ்சள் வைக்க மாட்டார்கள், கறுப்பு மையில் ஒற்றைக் கோட்டு விளிம்போடு நிறுத்திக்கொள்வார்கள்.

கவனிக்க வேண்டியது தட்டச்சு. பல டிடிபி கடைகளில் இன்றும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களே ஓடுகின்றன. நீங்கள் அனுப்பும் வாட்ஸ்ஆப் எழுத்து அங்கே கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ வரும், அதனால் பார்த்து மறுபடி தட்டுவார்கள். ர–ற, ல–ள–ழ, ன–ண மாற்றங்கள் பெயர்களில் நுழைவது அப்போதுதான். எழுத்துமாற்றி வைத்திருந்தாலும் "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்துகள் தவறக்கூடும். மெய்ப்பைக் கைபேசியில் பார்த்து "சரி" சொல்லாமல் தாளில் வாங்கிப் படிக்க வேண்டும். அச்சான பிறகு திருத்தம் என்பது மறு அச்சுதான்.

புகைப்படம் போடுவதாக இருந்தால், 4 × 5 செ.மீ. அளவில் தெளிவாக அச்சாகச் சுமார் 470 × 590 பிக்சலாவது உள்ள படம் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அளவு குறையும். Document ஆக அனுப்பினால் குறையாது. ஐம்பது, நூறு படிகள் மட்டும் போதும் என்றால், உங்கள் A5 பிடிஎஃப்பையே ஜெராக்ஸ் கடையில் A4 தாளுக்கு இரண்டாக அச்சிட்டு நடுவில் வெட்டிக்கொள்ளலாம். 50 தாளில் 100 படி கிடைக்கும், தட்டச்சுப் பிழைக்கும் இடமில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எழுத்துச் செய்தி | படம் | பிடிஎஃப் | அச்சட்டை |
|---|---|---|---|---|
| நடுப்படுத்தல் | நிற்காது | நிற்கும் | நிற்கும் | நிற்கும் |
| தமிழ் எழுத்து | சரியாக வரும் | செயலியைப் பொறுத்தது | சரியாக வரும் | மறுதட்டச்சில் பிழை வரலாம் |
| தொட்டு அழைத்தல் | முடியும் | முடியாது | இணைப்பு கொடுத்தால் முடியும் | பொருந்தாது |
| திருத்தம் | எளிது | புதிய படம் வேண்டும் | புதிய கோப்பு வேண்டும் | மறு அச்சு |
| காகிதத்தில் | பொருந்தாது | மங்கலாம் | தெளிவு | மிகத் தெளிவு |
| பொருத்தமான இடம் | முதல் நாள் செய்தி | நினைவஞ்சலி | காரியப் பத்திரிகை | ஊரில் நேரில் கொடுக்க |

## அரூர் எடுத்துக்காட்டுக்கு எது

பதினாறாம் நாளுக்கு இன்னும் பத்து நாளாவது இருக்கிறது என்றால், A5 பிடிஎஃப்பை மூலமாக வைத்து, ஊருக்கு ஜெராக்ஸ் கடையில் நூறு படி, வெளியூருக்கு 9 × 16 செ.மீ. பிடிஎஃப், அதோடு எண்களும் வரைபட இணைப்பும் மட்டும் உள்ள நான்கு வரி எழுத்துச் செய்தி என்று அனுப்புவது போதுமானது. உறவு பெரிது, முந்நூறு வீட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றால் அச்சகத்துக்குப் போகலாம். படி கூடக் கூட ஒரு படிக்கு ஆகும் செலவு அங்கே குறையும். கணினி இல்லாத வீடு, காரியம் மூன்று நாளில் என்றால், இடப்பக்கமாக ஒழுங்குபடுத்திய எழுத்துச் செய்தியே போதும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் தெலுங்கு, கன்னட வரிகளும் வேண்டியிருக்கும். அப்போது படச் செயலியையும் பழைய எழுத்துரு அச்சகத்தையும் தவிர்த்து வேர்டிலேயே செய்வது நல்லது. Nirmala UI எழுத்துருவில் மூன்று மொழியும் ஒரே சீராக அமையும். மூன்றையும் ஒரே பக்கத்தில் நெருக்காமல், மொழிக்கு ஒரு பக்கமாக விடலாம்.

அனுப்புவதற்கு முன், எழுதியவரைத் தவிர வேறொருவர் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எண்ணைப் பார்த்துத் தன் கைபேசியில் தட்டி அழைத்துப் பார்க்க வேண்டும். நாட்காட்டியை எடுத்து 08.02.2026 ஞாயிறுதானா என்று பார்க்க வேண்டும். இறந்தவரின் பெயரை, முன்னெழுத்தோடு, குடும்பத்தில் மூத்தவரிடம் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அனுப்பிய பிறகு ஏதேனும் மாறினால், புதிய கோப்பின் மேல் ஓரத்தில் "திருத்தியது, 02.02.2026" என்று நாளோடு போட்டு அனுப்புங்கள், இரண்டு பத்திரிகையும் ஒரே குழுவில் கிடக்கும்போது எது பிந்தையது என்று அப்போதுதான் தெரியும்.